போன் தொலைந்தபின் வங்கிக்கு எழுதும் கடிதம்: முதலில் பழைய எண்ணை நீக்கச் சொல்லுங்கள்

"ஏற்காட்டிலிருந்து சேலம் வரும் பஸ்ஸில் நேற்று அப்பாவின் போன் தொலைந்துவிட்டது. சிம் இறந்துபோன சித்தப்பா பெயரில் வாங்கியது, அதனால் அதே எண்ணில் வேறு சிம் தர முடியாது என்கிறார்கள். போன் உறைக்குள் ஏடிஎம் கார்டும் இருந்தது. கணக்கு அப்பா, அம்மா இருவர் பெயரிலும் இருக்கிறது. புது எண்ணைப் பதிய வங்கியில் கடிதமும் ஆவணங்களும் கேட்கிறார்கள். என்ன எழுதுவது, எதையெல்லாம் இணைப்பது?"

கடிதம் எழுத உட்காருவதற்கு முன் ஒரு கேள்வி. கார்டை முடக்கிவிட்டீர்களா? இல்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு முதலில் பேசுங்கள். எண் பாஸ்புக்கிலேயே அச்சாகியிருக்கும். இணையத்தில் தேடி வரும் எண்களை நம்ப வேண்டாம், அவற்றில் போலிகள் உண்டு.

ஏன் இந்த அவசரம் என்றால், போனுக்குத் திரைப் பூட்டு இருக்கிறதே என்று பலர் ஆறுதலாக இருந்துவிடுகிறார்கள். பூட்டு போனுக்குத்தான், சிம்முக்கு இல்லை. எடுத்தவன் சிம்மை உருவி இன்னொரு போனில் போட்டால் ஓடிபி எல்லாம் அவனுக்கு வரும். யுபிஐ பின்னைப் புதிதாக வைக்கச் சில வங்கிகளில் ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு இலக்கம், காலாவதி மாதம், ஓடிபி ஆகியவை போதும். உங்கள் அப்பாவின் விஷயத்தில் சிம்மும் கார்டும் ஒரே உறையில் போயிருக்கின்றன. வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட மாதிரிதான்.

அந்த அழைப்பில் மூன்று விஷயம் கேளுங்கள். கார்டை முடக்க வேண்டும், யுபிஐயை நிறுத்த வேண்டும், இணைய வங்கியை நிறுத்த வேண்டும். முடிந்ததும் புகார் எண்ணை வாங்கி, பேசிய நேரத்தோடு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அது பிறகு கடிதத்துக்குள் வரும். அடுத்து சிம் நிறுவனத்துக்குப் பேசி இணைப்பை நிறுத்தச் சொல்லுங்கள். சித்தப்பாவின் பெயர், முகவரி, பிறந்த தேதி என்று கேட்பார்கள். போனில் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அவருடைய இறப்புச் சான்றிதழோடு சேலத்தில் அந்த நிறுவனத்தின் கடைக்கே போய்விடுங்கள்.

இனி காவல் நிலையம். ஏற்காடு சேலம் மாவட்டக் காவல்துறைக்குக் கீழ் வருகிறது, சேலம் நகரம் மாநகரக் காவல்துறைக்குக் கீழ் வருகிறது. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவில் போன் எங்கே நழுவியது என்று யாருக்குத் தெரியும்? 'எங்கள் எல்லை இல்லை' என்ற பதில் வர வாய்ப்பு இருக்கிறது. அதனால் போன் இல்லை என்று எந்த இடத்தில் தெரிந்ததோ அந்த இடத்து நிலையத்தில் கொடுங்கள். அஸ்தம்பட்டியில் இறங்கும்போது தெரிந்தது என்றால் அப்படியே எழுதுங்கள். எந்த வளைவில் விழுந்திருக்கும் என்று ஊகித்து எழுத வேண்டாம். அங்கே சிஎஸ்ஆர் ரசீது என்று ஒன்று தருவார்கள். அது எஃப்ஐஆர் அல்ல, மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான பதிவு. இந்த மாதிரி எண் மாற்றத்துக்கு அது போதும். புகாரில் போன் மட்டுமல்லாமல் சிம் எண்ணும் கார்டும் தொலைந்ததாக இருக்க வேண்டும். போனின் ஐஎம்இஐ எண் வாங்கிய பெட்டியிலும் பில்லிலும் இருக்கும், இரட்டை சிம் போன் என்றால் இரண்டு எண்.

அந்த ரசீதையும் ஐஎம்இஐ எண்ணையும் வைத்து sancharsaathi.gov.in தளத்தில் போனையே முடக்கலாம், செய்யுங்கள். ஆனால் அது முடக்குவது கருவியை மட்டும்தான், சிம் வேறு போனில் வேலை செய்துகொண்டிருக்கும்.

நான் 20 ஆண்டுக்கு மேல் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவன். போன் தொலைந்தவர்கள் கொண்டுவரும் கடிதங்களில் பத்துக்கு ஒன்பது இப்படித்தான் இருக்கும்: 'என் போன் தொலைந்துவிட்டது, என் புதிய எண் இது, மாற்றித் தரவும்.' இதில் பெரிய ஓட்டை இருக்கிறது. புது எண்ணைப் பதிவது உடனே நடக்கிற வேலை இல்லை. கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும், ஒருவர் கணினியில் பதிய வேண்டும், இன்னொரு அதிகாரி அதை ஒப்புதல் செய்ய வேண்டும். ஏதாவது ஒன்று தடங்கினால் நாலு நாள் ஆகும். அதுவரை பழைய எண்தான் கணக்கில் உயிரோடு இருக்கும்.

எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர், எங்கள் கிளையில் அல்ல, வேறொரு வங்கிக் கிளையில், இந்த மாதிரி கடிதம் கொடுத்தார். கையெழுத்து பொருந்தவில்லை என்று கடிதம் ஒரு ஓரமாக வைக்கப்பட்டது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் கணக்கிலிருந்து பணம் போனது. 'நான் முன்பே எழுதிக் கொடுத்தேன்' என்றார். எப்போது கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு அவரிடம் காட்ட ஒரு சீட்டும் இல்லை. அதுவும் போக, அவர் கடிதத்தில் பழைய எண்ணை நீக்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.

அதனால் உங்கள் கடிதம் இரண்டு வேலையைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பழைய எண்ணை இப்போதே நீக்குவது ஒன்று. புதிய எண்ணைப் பதிவது இன்னொன்று. இரண்டாவது தாமதமானாலும் முதலாவது நடந்துவிட வேண்டும். உங்கள் விஷயத்துக்கே பொருந்துகிற மாதிரி எழுதிப் பார்க்கிறேன், புள்ளியிட்ட இடங்களை நிரப்பிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்:
(பாஸ்புக்கில் உள்ளபடி அப்பாவின் பெயர்)
(முகவரி), ஏற்காடு, சேலம் மாவட்டம்

பெறுநர்:
கிளை மேலாளர்,
........ வங்கி, ........ கிளை

நாள்: ........

பொருள்: தொலைந்துபோன கைப்பேசியின் எண்ணை என் கணக்கு விவரங்களிலிருந்து உடனே நீக்கவும், புதிய எண்ணைப் பதிவு செய்யவும் கோருதல்.

சேமிப்புக் கணக்கு எண்: ........
வாடிக்கையாளர் எண்: ........ (என்னுடையது), ........ (என் மனைவியுடையது)

ஐயா / அம்மையீர்,

நானும் என் மனைவியும் மேற்கண்ட கணக்கை இருவர் பெயரிலும் வைத்திருக்கிறோம். ........ தேதி காலை சுமார் ........ மணிக்கு ஏற்காட்டிலிருந்து சேலம் வந்த பேருந்தில் என் கைப்பேசி தொலைந்துவிட்டது. அஸ்தம்பட்டியில் இறங்கும்போது இது தெரியவந்தது. கைப்பேசியின் உறையில் இருந்த ஏடிஎம் கார்டும் (கடைசி நான்கு இலக்கம் ........) தொலைந்தது. கைப்பேசியில் இருந்த ........ என்ற எண்ணே கணக்கில் பதிவாகியுள்ளது. அந்த சிம் மறைந்த என் தம்பியின் பெயரில் இருந்ததால் அதே எண்ணில் வேறு சிம் பெற முடியவில்லை.

அன்று ........ மணிக்குத் தங்கள் வாடிக்கையாளர் சேவையில் தெரிவித்துக் கார்டை முடக்கினேன். புகார் எண் ......... காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் சிஎஸ்ஆர் எண் ........, நாள் .........

முதலாவதாக, ........ என்ற பழைய எண்ணை ஓடிபி, குறுஞ்செய்தி, யுபிஐ, இணைய வங்கி, மொபைல் ஆப் ஆகிய எல்லாச் சேவைகளிலிருந்தும் இப்போதே நீக்கக் கேட்டுக்கொள்கிறேன். புதிய எண் பதிவாகும்வரை இந்தச் சேவைகள் நிறுத்தப்பட்டிருப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இரண்டாவதாக, என் பெயரில் வாங்கிய ........ என்ற எண்ணைப் புதிய எண்ணாகப் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். என் மனைவியின் வாடிக்கையாளர் விவரத்தில் பழைய எண் இருந்தால் அங்கும் இதே மாற்றத்தைச் செய்ய வேண்டுகிறோம்.

இன்று ........ மணிக்குப் பாஸ்புக் பதிவின்படி இருப்பு ........ ரூபாய். இதுவரை நாங்கள் செய்யாத பரிவர்த்தனை எதுவும் இல்லை.

இக்கடிதம் பெறப்பட்ட தேதியையும் நேரத்தையும் நகலில் குறித்து, முத்திரையிட்டுத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
(அப்பாவின் கையெழுத்து) (அம்மாவின் கையெழுத்து)

இணைப்பு: வங்கியின் எண் மாற்ற விண்ணப்பம், ஆதார் நகல், பான் நகல், பாஸ்புக் முதல் பக்க நகல், சிஎஸ்ஆர் ரசீது நகல்.

இவ்வளவுதான், ஒரு பக்கத்தில் அடங்கும். போன் என்ன மாடல், எவ்வளவுக்கு வாங்கியது, அப்பா எவ்வளவு கவலைப்பட்டார் என்பதெல்லாம் வேண்டாம்.

கடிதத்தைத் தமிழில் எழுதுவதில் தடையே இல்லை. ஆனால் எண்களை வழக்கமான 1, 2, 3 இலக்கங்களில் பெரிதாக, ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்படி எழுதுங்கள். இப்போதெல்லாம் கிளைகளில் வெளிமாநில அதிகாரிகள் நிறையப் பேர். தமிழ்க் கடிதம் அவர்கள் மேசைக்குப் போனால் படித்துச் சொல்ல ஆள் தேடுவார்கள். வங்கியின் அச்சிட்ட விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் நிரப்பி மேலே வைத்துவிட்டால் அந்தத் தடங்கல் இருக்காது. விண்ணப்பம் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கவுன்டரில் சிலர் கேட்பார்கள். பழைய எண்ணை உடனே நீக்கச் சொல்லவும், கார்டு தொலைந்ததைச் சொல்லவும், புகார் எண்ணை எழுதவும் விண்ணப்பத்தில் இடம் இருக்காது. அதற்காகத்தான் கடிதம்.

வாடிக்கையாளர் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்புக்கில் சிஐஎஃப் என்றோ வேறு பெயரிலோ அச்சாகியிருக்கும். மொபைல் எண் பெரும்பாலும் கணக்கோடு ஒட்டியிருப்பதில்லை, இந்த வாடிக்கையாளர் எண்ணோடு ஒட்டியிருக்கும். கூட்டுக் கணக்கில் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. நம் வீடுகளில் எல்லாருக்கும் ஒரே போன் நம்பரைக் கொடுத்துவிடுவது வழக்கம். அம்மாவின் விவரத்திலும் தொலைந்த எண்ணே இருந்தால், அப்பாவுடையதை மட்டும் மாற்றிப் பயனில்லை, அதே கணக்குக்கு இன்னொரு வாசல் திறந்தே இருக்கும். அதனால்தான் இரண்டு எண்ணையும் கடிதத்தில் போட்டு இருவரையும் கையெழுத்திடச் சொன்னேன். 'இருவரில் ஒருவர்' என்ற முறையில் இயங்கும் கணக்கானாலும் சரி, இரண்டு கையெழுத்தும் இருந்தால் திருப்பி அனுப்ப ஒரு காரணம் குறைகிறது. அம்மாவின் ஆதார், பான் நகல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் நின்றுபோகும் காரணங்களில் முதலிடம் கையெழுத்துக்குத்தான். கணக்கு தொடங்கியபோது அப்பா போட்ட கையெழுத்து 20 வருடப் பழையதாக இருக்கலாம், இப்போது கை நடுங்கலாம். பாஸ்புக்கிலோ பழைய காசோலையிலோ தன் கையெழுத்து எப்படி இருந்தது என்று அவர் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். முதலில் தமிழில் போட்டிருந்தால் இப்போதும் தமிழில்தான். வீட்டிலேயே போட்டுக் கொடுத்தனுப்பாமல், அவரைக் கூட்டிக்கொண்டு போய் அதிகாரியின் முன்னால் போடச் சொல்லுங்கள். மாறுபட்டிருந்தால் அங்கேயே மாதிரிக் கையெழுத்தையும் புதுப்பிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிடலாம், இரண்டாவது நடை மிச்சம். மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்கு ஒரு நடை என்பது ஒரு நாள் அல்லவா. கணக்கு வேறு ஊர்க் கிளையில் இருந்தால், அருகிலுள்ள கிளையே வாங்கிக்கொள்ளுமா என்று முதலில் போனில் கேட்டுவிடுங்கள். இது வங்கிக்கு வங்கி வேறுபடுகிறது.

புது சிம்மை இந்தமுறை அப்பாவின் ஆதாரைக் கொடுத்து அவர் பெயரிலேயே வாங்குங்கள். உங்கள் பெயரில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். சித்தப்பா பெயரில் வாங்கியதும் அப்படி ஒரு சுலபத்துக்காகத்தான் இருந்திருக்கும்.

இணைக்கும் நகல்களில் அப்பா ஒவ்வொன்றிலும் கையெழுத்திட வேண்டும். ஆதார் நகலில் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கு மட்டும் தெரிகிற மாதிரி கொடுங்கள். கவுன்டரில் அசலைக் காட்டும்போது முழு எண்ணையும் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நகலின் குறுக்கே, படத்தையும் பெயரையும் மறைக்காமல், 'மொபைல் எண் மாற்றத்துக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போடுங்கள். அந்த நகல் யார் கைக்குப் போனாலும் வேறு காரியத்துக்கு உதவாது. சிஎஸ்ஆரில் உள்ள தேதியும் நேரமும் கடிதத்தில் உள்ளவையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒருமுறை ஒப்பிடுங்கள். புகாரில் 11ஆம் தேதி, கடிதத்தில் 12 என்று இருந்தால் சந்தேகப்படுவது அதிகாரியின் வேலை. ஏடிஎம் கார்டின் பழைய படம் போனில் எடுத்தது ஏதாவது இருந்தாலும் அதை அச்செடுத்து இணைக்க வேண்டாம், கடைசி நான்கு இலக்கம் கடிதத்தில் இருப்பதே போதும்.

கிளைக்குள் நுழைந்ததும் முதலில் பாஸ்புக்கைப் பதியுங்கள். போன் தொலைந்த நேரத்துக்குப் பிறகு தெரியாத பற்று எதுவும் இல்லையென்றால் கடிதத்தில் நான் விட்டிருக்கும் இருப்பு வரியை நிரப்புங்கள். ஏதாவது பணம் போயிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு, அதற்கென்று தனிப் புகார் எழுத வேண்டும். இந்தக் கடிதத்தோடு கலக்கக் கூடாது, இரண்டும் வேறு வேறு மேசைக்குப் போகிறவை. அப்போது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் உடனே பேச வேண்டும்.

முத்திரை வாங்குவதை ஏன் கடிதத்திலேயே எழுதினேன் என்றால், ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அது சொன்னது இதுதான். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆகிற நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு ஆகிற நஷ்டம் வங்கியுடையது. கார்டையும் போனையும் ஒரே உறையில் வைத்திருந்ததைக் கவனக்குறைவு என்று வாதாட அவர்களுக்கு இடமிருக்கிறது. ஆகவே 'எப்போது தெரிவித்தீர்கள்' என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். தேதி மட்டும் போட்டுத் தந்தால் நேரத்தையும் கேட்டு வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் சண்டை வேண்டாம், அன்றே அதே கடிதத்தை வங்கியின் அதிகாரப்பூர்வ மின்னஞ்சலுக்கு உங்கள் மெயிலிலிருந்து அனுப்பிவையுங்கள், இல்லையென்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எண் மாறிவிட்டது என்று கவுன்டரில் சொன்னதை மட்டும் வைத்துத் திரும்பிவிடாதீர்கள். பெரும்பாலான வங்கிகளில் இருப்பை அறிய மிஸ்டு கால் எண் ஒன்று உண்டு. புது எண்ணிலிருந்து அதற்கு மிஸ்டு கால் கொடுங்கள். இருப்பு குறுஞ்செய்தியாக வந்தால் குறுஞ்செய்திப் பகுதியில் எண் மாறியிருக்கிறது என்று பொருள். ஆனால் அதோடு முடியவில்லை. சில வங்கிகளில் குறுஞ்செய்திக்கு ஒரு பதிவு, இணைய வங்கிக்கு இன்னொன்று, கார்டுக்கு வேறொன்று என்று எண் பல இடத்தில் உட்கார்ந்திருக்கும். பணம் எடுத்தால் புது எண்ணுக்குச் செய்தி வரும், ஓடிபி மட்டும் பழைய எண்ணுக்குப் போகும். புதுக் கார்டு வந்ததும் அதை வைத்து ஏதாவது சின்னத் தொகைக்கு இணையத்தில் பணம் கட்டிப் பாருங்கள். ஓடிபி கையிலிருக்கும் போனுக்கு வந்தால் சரி. வராவிட்டால் முத்திரையிட்ட நகலோடு மறுபடியும் கிளைக்குப் போங்கள். அந்த நகலில் 'எல்லாச் சேவைகளிலிருந்தும்' என்ற சொல் இருக்கிறது, அதைக் காட்டுங்கள்.

கடிதம் கொடுத்து 30 நாளாகியும் பதிலோ மாற்றமோ இல்லையென்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். அங்கேயும் கேட்பது அதே முத்திரையிட்ட நகலைத்தான்.

கடைசியாக அந்தப் பழைய எண். நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட எண்ணை சிம் நிறுவனங்கள் 90 நாள் வரை யாருக்கும் தருவதில்லை, அதற்குப் பிறகு அது முகம் தெரியாத ஒருவருக்குப் புது எண்ணாகப் போய்விடலாம். அப்பாவின் ஆதாரில் அந்த எண்தான் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆதார் சேவை மையத்தில் மாற்றிவிடுங்கள், அதற்கு வேறு ஆவணம் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்புறம் கேஸ் இணைப்பு, பிஎஃப் ஓய்வூதியம், எல்ஐசி, அம்மா வைத்திருக்கும் அஞ்சலகக் கணக்கு ஆகியவற்றையும் அந்த 90 நாளுக்குள் ஒவ்வொன்றாக மாற்றிவிடுங்கள்.